ஓர் அப்பாவுக்குக் கழித்தல் எழுதிக் கொடுத்த கதை

அந்த வருஷம் என் மூன்றாம் வகுப்பில் கணக்குக்கு யார் கெட்டிக்காரி என்று கேட்டிருந்தால், யோசிக்காமல் இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காரும் பெண்ணைக் காட்டியிருப்பேன். கூட்டல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகவும் சொல்வாள், யாரும் கேட்காமலேயே. கழித்தலிலும் ஜூலை மாதம் முடியும்வரை அவள் நோட்டில் சிவப்பு மைக்கு வேலையே இல்லை. 48-இல் 23 போனால் 25. 79-இல் 36 போனால் 43. மேலே பெரிய எண், கீழே சின்ன எண் என்று இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

ஒன்றுகளின் இடத்தில் மேலே சின்னதும் கீழே பெரியதும் வந்த வாரத்தில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

நான் வேலை பார்ப்பது ஆம்பூரை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில். பிள்ளைகளின் வீடுகளில் பாதிப் பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் தோல் பதனிடும் ஷாப்புக்கு. என் வீடு பள்ளிகொண்டாவில். காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் மடியில் நோட்டுகளை வைத்துத் திருத்திக்கொண்டே வருவேன். அன்றைக்கு இடம் கிடைத்தது. அவளுடைய நோட்டைத் திறந்தேன். நான்கு கணக்கு, நான்கும் தப்பு.

52-இல் 27 போனால் 15 என்று போட்டிருந்தாள். 81-இல் 46 போனால் 25. 60-இல் 24 போனால் 26. 73-இல் 19 போனால் 44.

புதுப் பாடம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பாடத்தை ஒழுங்காகத்தான் நடத்தியிருந்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் மேசைமேல் வைத்தேன். இது 52. இதில் 27-ஐ எடுக்க வேண்டும். முதலில் ஏழு உதிரி எடுக்க வேண்டும், இருப்பதோ இரண்டு. என்ன செய்யலாம்? ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்று. இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. இன்னும் அதே 52-தான், ஒரு குச்சிகூட வெளியிலிருந்து வரவில்லை. பன்னிரண்டில் ஏழு எடுத்தால் ஐந்து. நான்கு கட்டில் இரண்டு கட்டு எடுத்தால் இரண்டு கட்டு. விடை 25. இதை நோட்டில் எழுதும்போது 5-ஐ அடித்துவிட்டு மேலே 4 என்று போட வேண்டும், 2-ஐ அடித்துவிட்டு 12 என்று போட வேண்டும்.

நான் படித்த காலத்தில் இதைப் 'பக்கத்து வீட்டில் கடன் வாங்குவது' என்று சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பல வருஷம் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் ஒரு பொடியன் எழுந்து, "எப்ப டீச்சர் திருப்பித் தரணும்?" என்று கேட்டான். அவனை உட்காரச் சொன்னேன். பிறகு நடந்த பயிற்சி வகுப்பில், கடன் என்று சொல்லாதீர்கள், எண்ணைப் பிரித்து அடுக்குகிறோம் என்று சொல்லுங்கள் என்றார்கள். அந்தப் பையன் அன்றைக்கே சரியாகத்தான் கேட்டிருக்கிறான்.

ஒரு வாரம் ஆயிற்று. அவளுக்குச் சரியாகவில்லை. வகுப்பில் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தேறி வர, இவள் மட்டும் அதே உறுதியோடு அதே மாதிரித் தப்புப் போட்டாள். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது. வேறு வழியில்லாமல் அவள் வீட்டுக்கு நோட்டில் ஒரு குறிப்பு எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே ஒரு பெருமை. இப்படி எழுதியிருந்தேன்:

'பெற்றோர் கவனத்திற்கு. தங்கள் மகள் இனமாற்றத்துடன் கூடிய கழித்தலில் பின்தங்கியுள்ளார். இடமதிப்பின் அடிப்படையில் இனமாற்றம் செய்யும் திறனை இல்லத்தில் வலுவூட்டவும்.'

மறுநாள் பதில் வந்திருந்தது. அட்டைப் பெட்டியில் எழுதும் தடித்த மார்க்கரால் எழுதியதால் மை அடுத்த மூன்று பக்கத்துக்கு இறங்கியிருந்தது.

'டீச்சருக்கு வணக்கம். நீங்கள் எழுதியதைப் படித்தோம். என் மனைவி பயந்துவிட்டாள். பிள்ளைக்கு எந்த இனத்தை மாற்ற வேண்டும் என்று கேட்கிறாள், எனக்கும் தெரியவில்லை. கழித்தல்தான் விஷயம் என்றால் நான் தினமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். கீழே அதே நாலு கணக்கைப் போட்டிருக்கிறேன். சரியா என்று பார்க்கவும்.'

பார்த்தேன். 25, 35, 36, 54. நான்கும் சரி. ஆனால் போட்ட விதம்தான் எனக்குப் பிடிபடவில்லை. மேலே இருந்த 5-ஐ அவர் தொடவே இல்லை. அது 5-ஆகவே இருந்தது. அதற்குப் பதிலாகக் கீழே 27-இல் இருக்கும் 2-க்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி ஒரு சின்ன 1 போட்டிருந்தார். நான்கு கணக்கிலும் அந்த எறும்பு இருந்தது.

தெரியாததைப் பார்த்தால் ஆசிரியருக்கு முதலில் வருவது ஆர்வமாக இருக்க வேண்டும். எனக்கு வந்தது சிவப்புப் பேனா. 'விடை சரி. முறை தவறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த நாள் மார்க்கர் பதில் ஒரே வரியில் வந்தது. 'நாலு தடவை போட்டு நாலு தடவையும் சரியாக வந்தால் முறை எப்படி டீச்சர் தப்பாகும்?'

நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் நான் ஜாதகம் பார்ப்பதாக நினைத்திருக்க வேண்டும், அவர் மகனின் நட்சத்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். மாதனூர் தாண்டியபோதுதான் முதல் விஷயம் கண்ணில் பட்டது. அவள் போட்ட விடை 15, சரியான விடை 25. அடுத்ததில் அவளுடையது 25, சரியானது 35. 26-க்கு 36. 44-க்கு 54. நான்கிலும் சரியாகப் பத்து கம்மி. கவனக்குறைவால் தப்புப் போடுகிறவர்கள் இவ்வளவு ஒழுங்காகப் போடமாட்டார்கள்.

அவளுடைய பக்கத்தையும் அவள் அப்பாவின் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவள் மேலே 5-ஐ அடித்து 4 போட்டிருந்தாள், நான் சொன்ன மாதிரி. கீழே 2-க்குப் பக்கத்தில், ரொம்பப் பொடியாக, அழித்து அழித்து எழுதிய ஒரு 1 இருந்தது. அப்பா சொன்ன மாதிரி. ஆக, பன்னிரண்டில் ஏழு போக ஐந்து. அப்புறம் நான்கில் மூன்று போக ஒன்று. பதினைந்து.

மேலேயும் பத்தைக் குறைத்துவிட்டாள், கீழேயும் பத்தைக் கூட்டிவிட்டாள். ஒரே பத்துக்கு இரண்டு முறை வரி கட்டியிருந்தாள்.

பள்ளிக்குப் போனதும் அவளைக் கூப்பிட்டேன்.

"மேல அஞ்ச ஏன் அடிச்ச?"

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க."

"கீழ ஒண்ணு ஏன் போட்ட?"

"எங்க அப்பா சொன்னாங்க."

"ரெண்டுல ஒண்ணு செஞ்சா போதுமேன்னு தோணலயா?"

"அப்ப ஒருத்தர் கோச்சிக்குவீங்களே டீச்சர்."

எட்டு வயதில் இரண்டு பெரியவர்களின் மானத்தையும் ஒரே கணக்கில் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். மார்க்கு போனால் போகட்டும் என்று விட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. 'முறை தவறு' என்று நான் எழுதியதை அவள்தானே சுமந்துகொண்டு போய் வீட்டில் காட்டினாள்.

அப்பாவை ஒருநாள் வந்து போகச் சொல்லி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப் பையில் அந்த மார்க்கர். பெரிய நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டு மூன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்தார். முட்டி மோவாய்க்கு வந்துவிட்டது. அவர் மகள் பக்கத்தில் நின்றாள், சண்டை எப்போது ஆரம்பிக்கும் என்று பார்த்துக்கொண்டு.

"இன்னா டீச்சர், ரொம்ப பேஜார் பண்ணிட்டேனா?" என்றார்.

"இல்ல பாய். பேஜார் நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணியிருக்கோம். இத பாருங்க" என்று அவள் போட்ட 15-ஐக் காட்டினேன். மேலே என் வேலை, கீழே அவர் வேலை என்று பேனாவால் தொட்டுக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மகளைப் பார்த்து, "யம்மா, ரெண்டு பிரேக்கையும் பிடிச்சா வண்டி நின்னுடும்ல" என்றார்.

பிறகு ஐஸ் குச்சிகளை எடுத்து, வகுப்பில் செய்ததையே அவருக்குச் செய்து காட்டினேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஒரு கட்டைப் பிரித்தேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது நான் தெனமும் பண்ற வேல டீச்சர். நான் பேக்கிங் செக்‌ஷன். ஒரு கார்ட்டனுக்குப் பத்து ஷூ பெட்டி. அஞ்சு கார்ட்டனும் ரெண்டு லூஸ் பெட்டியும் இருக்குதுன்னு வெச்சிக்கோங்க. இருபத்தேழு பெட்டி கேட்டா, ரெண்டு கார்ட்டன அப்டியே தூக்கிக் குடுப்போம். ஏழு லூஸ் வேணும், ரெண்டுதான் இருக்குது. ஒரு கார்ட்டன ஒடைச்சுடுவோம்."

"அதேதான்."

"இதுக்கா இனமாற்றம்னு எழுதினீங்க?"

நான் குச்சிகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தேன்.

"சரி, இப்ப நீங்க சொல்லுங்க" என்றேன். "கீழ ஏன் ஒண்ணு போடறீங்க? அது எங்கிருந்து வருது?"

அவர் மார்க்கரை எடுத்து என் மேசையில் இருந்த ஒரு பழைய தாளின் பின்பக்கம் 52-ஐயும் 27-ஐயும் எழுதினார். ரெண்டுல ஏழு போகாது, பன்னெண்டாக்கு, பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு, கீழ ரெண்ட மூணாக்கு, அஞ்சுல மூணு போனா ரெண்டு, இருபத்தஞ்சு என்று ஒரே மூச்சில் சொன்னார். அப்புறம் நிறுத்தினார்.

"ஏன்னு கேட்டா தெரியாது டீச்சர். எங்க வாத்தியார் போடச் சொன்னாரு. போட்டேன். வந்துச்சு. ஏன்னு கேக்கற மாதிரி வாத்தியார் இல்ல அவரு."

எனக்கும் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். இருபது வருஷம் கணக்கு நடத்தியவள் அப்படிச் சொன்னது அவருக்கு ஆச்சரியம். மகளுக்கு அதைவிட ஆச்சரியம். மூன்று பேரும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மெதுவாக யோசித்தேன். மேலே இரண்டு பன்னிரண்டாகிறது, அதாவது மேலே பத்து கூடுகிறது. எந்தக் கட்டையும் பிரிக்கவில்லை, ஐந்து ஐந்தாகவே இருக்கிறது, ஆக 52 இப்போது 62 ஆகிவிட்டது. கீழே பத்துகளின் இடத்தில் இரண்டு மூன்றாகிறது, அங்கேயும் பத்து கூடி 27 இப்போது 37. அறுபத்திரண்டில் முப்பத்தேழு போனால் இருபத்தைந்து. ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனாலும் இருபத்தைந்து.

"ரெண்டு பக்கமும் பத்து ஏத்தறீங்க பாய். அதான் வித்தியாசம் மாறல" என்றேன்.

அவர் முகத்தில் இன்னும் தெளிவில்லை. "புரியிற மாதிரி இருக்குது, ஆனா வழுக்குது."

அவருடைய உயரத்தையும் மகளின் உயரத்தையும் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. அவளைப் பெஞ்சின்மேல் ஏறச் சொன்னேன். அப்பாவைத் தரையில் எழுந்து நிற்கச் சொன்னேன். "இப்ப வித்தியாசம் கம்மியாயிடுச்சா?"

"ஆமா. இவ மட்டும் ஏறிட்டாளே."

"இப்ப நீங்களும் ஏறுங்க."

"டீச்சர், பெஞ்சு ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

"ஏறுங்கப்பா" என்றாள் மகள்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். தலை மின்விசிறிக்குப் பக்கத்தில் போனது, நல்லவேளை அன்றைக்கு மின்சாரம் இல்லை. இப்போது அவள் தலை பழையபடி அவர் இடுப்புக்கு மேலே, சட்டைப் பைக்குக் கீழே. தரையில் எவ்வளவு வித்தியாசம் இருந்ததோ அதே வித்தியாசம். இரண்டு பேரும் ஒரே அளவு ஏறினால் நடுவில் இருப்பது மாறாது. அவர் அங்கே நின்றபடியே "ஓ" என்று ஒருமுறை நீட்டிச் சொன்னார். அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை வராந்தாவில் கடந்து போனார். உள்ளே எட்டிப் பார்த்தார், பெஞ்சின்மேல் நிற்கும் அப்பாவையும் பெண்ணையும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அனுபவசாலி.

இறங்கி உட்கார்ந்ததும் அவர் கேட்டார். "அப்ப என்னோடது தப்பில்லதான?"

"தப்பில்ல. நான் எழுதினதுதான் தப்பு." நோட்டை வாங்கி 'முறை தவறு' என்பதைச் சிவப்புப் பேனாவாலேயே அடித்து, 'முறையும் சரி' என்று எழுதினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். தன் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக்கூட அவர் அவ்வளவு திருப்தியாகப் பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை.

"ஆனா இப்பத்துக்கு அவ ஒரே வழியில போகட்டும்" என்றேன். "கார்ட்டன் பிரிக்கிறது கண்ணுக்குத் தெரியுது, கையால செஞ்சு பார்க்கலாம். ஏன் வருதுன்னு புரிஞ்சு போடுவா. உங்களோடத அப்புறம் கத்துக்கட்டும்."

அவர் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "நீங்க இங்க எப்டி சொல்லித் தர்றீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க டீச்சர். நான் ஷிப்ட் மாறினா அவங்க அம்மாதான் பார்ப்பாங்க. ஆனா போன தடவ மாதிரி எழுதாதீங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அவர் படித்துப் பார்த்துப் புரியாத வார்த்தைகளை மார்க்கரால் அடித்தார். நோட்டுத் திருத்துகிறவளின் எழுத்தை வேறொருவர் திருத்துவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. 'இனமாற்றம்' போயிற்று. 'இடமதிப்பு' போயிற்று. 'எனவே' என்ற சொல்லைக்கூட அடித்துவிட்டு, "இது இல்லாமலே நல்லாத்தான் இருக்குது" என்றார். மூன்றாவது தாளில் இப்படி வந்து நின்றது:

'அம்மா அப்பாவுக்கு. கழித்தல் கணக்கில் மேலே இருக்கும் எண் போதாவிட்டால், பள்ளியில் இப்படிச் சொல்லித் தருகிறோம். 52-இல் 27 போக வேண்டும். 52 என்பது ஐந்து கார்ட்டன், இரண்டு லூஸ் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கார்ட்டனில் பத்துப் பெட்டி. ஏழு பெட்டி வேண்டும், இரண்டுதான் லூஸாக இருக்கிறது. ஒரு கார்ட்டனைப் பிரியுங்கள். இப்போது நான்கு கார்ட்டன், பன்னிரண்டு லூஸ். மொத்தம் மாறவில்லை. அதனால்தான் பிள்ளை 5-ஐ அடித்து 4 என்றும், 2-ஐ அடித்து 12 என்றும் எழுதுகிறது. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. நான்கில் இரண்டு போனால் இரண்டு. விடை 25. லூஸ் போதுமான அளவு இருந்தால் கார்ட்டனைப் பிரிக்க வேண்டாம்.

யாரிடமும் கடன் வாங்கவில்லை. 52 தன்னிடம் இருப்பதையே பிரித்து வைக்கிறது. அதனால் கடன் வாங்கு என்று சொல்லாமல், ஒரு பத்தைப் பிரி என்று சொல்லுங்கள்.

கீழே ஒன்று கூட்டிப் போடும் பழைய முறை தெரிந்தவர்கள் இருப்பீர்கள். அது தப்பு இல்லை. ஆனால் மேலேயும் குறைத்து, கீழேயும் கூட்டினால் விடை பத்து கம்மியாக வரும். இப்போதைக்குப் பள்ளி முறை மட்டும் போதும்.

சரிபார்க்க: விடையையும் கீழே இருக்கும் எண்ணையும் கூட்டுங்கள். 25-உம் 27-உம் 52. மேலே இருந்த எண் வந்துவிட்டால் கணக்கு சரி.'

கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு, "இது நல்லாருக்குது. எனக்குக் கணக்கே தெரியலன்னாலும் செக் பண்ணிடலாம்" என்றார். தாளை மடிக்காமல் ஓர் அட்டையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே அவளுடைய நோட்டில் எறும்புகள் காணாமல் போயின. விடைகள் சரியாக வந்தன. ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டலும் இருந்தது, அம்மா சொல்லிச் செய்ததாம்.

நான் எதிர்பாராதது தாளுக்கு நடந்ததுதான். அவர் அதைக் கம்பெனிக்கு எடுத்துப் போய் ஜெராக்ஸ் போட்டிருக்கிறார். பேக்கிங் செக்‌ஷனில் இரண்டு, ஸ்டிச்சிங்கில் நான்கு என்று அது போய்க்கொண்டிருந்தது. வேறு பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள்கூட வாங்கிக்கொண்டார்களாம். ஒருநாள் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், கைப்பேசியில் அந்தத் தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் கையெழுத்து. 'எனவே' இல்லாத என் கையெழுத்து. நான் எழுதியது என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆம்பூர் வரை அடக்கிக்கொண்டேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தலைமை ஆசிரியை அந்தத் தாளை எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். விளக்குவதற்கு யார் என்று பார்த்தால், அவள் அப்பா முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவரையே கூப்பிட்டேன். வந்து கரும்பலகையில் கார்ட்டன் படம் வரைந்து, சாக்பீஸ் இரண்டை உடைத்து, நன்றாகவே விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பெருமையில் இருந்தேன். அப்போது பின்வரிசையில், அதுவரை வாயே திறக்காத ஓர் அம்மா எழுந்தார். ஸ்டிச்சிங்கில் வேலை செய்கிறவர், இடுப்பில் கைக்குழந்தை.

"டீச்சர், ஒரு சந்தேகம். நானூத்தி ரெண்டுல நூத்தி அறுபத்தெட்டு போவணும்னு எம் பையனுக்குக் குடுத்திருக்கீங்க. லூஸ் ரெண்டுதான். சரி, கார்ட்டன ஒடைக்கலாம்னு பார்த்தா, நடுவுல சைபர். கார்ட்டனே இல்ல. இன்னாத்த ஒடைக்கிறது?"

தாளில் அது இல்லை. நான் மறந்தே போயிருந்தேன். மூன்று இலக்கக் கணக்கை வகுப்பில் நடத்த ஆரம்பித்தாயிற்று, வீட்டுக்கு அனுப்பிய தாள் மட்டும் இரண்டு இலக்கத்தோடு நின்றுவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் கரும்பலகை அருகே நின்ற அவள் அப்பா மார்க்கர் இருக்கும் பையைத் தட்டிக்கொண்டு யோசித்தார்.

"கார்ட்டன் இல்லன்னா பேலட்ல இருந்து எடுக்கணும்மா" என்றார். "பத்து கார்ட்டன் சேர்த்து சுத்திக் கட்டி ஒரு பேலட்டு. அது நூறு பெட்டி. நாலு பேலட்டு இருக்குது. ஒண்ணப் பிரி. மூணு பேலட்டு, பத்து கார்ட்டன். அந்தப் பத்துல ஒரு கார்ட்டன ஒடை. ஒன்பது கார்ட்டன், பன்னெண்டு லூஸ். இப்ப கேளு, எவ்ளோ வேணுமோ குடுக்கறேன்."

கரும்பலகையில் எழுதினார். பன்னிரண்டில் எட்டு போக நான்கு. ஒன்பதில் ஆறு போக மூன்று. மூன்றில் ஒன்று போக இரண்டு. 234. அந்த அம்மா கைக்குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, மனதுக்குள் 234-ஐயும் 168-ஐயும் கூட்டிப் பார்த்தார். உதடு அசைந்தது. "நானூத்தி ரெண்டு. கரெக்ட்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நடுவில் சைபர் வந்தால் இரண்டு முறை பிரிக்க வேண்டும், நேராக நூறிலிருந்து லூஸ் பெட்டிக்குத் தாவக் கூடாது என்று அன்று சாயங்காலமே இரண்டாவது தாள் எழுதினேன். அதில் திருத்துவதற்கு அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். போன மாதம் விளையாட்டு நேரத்தில் பிள்ளைகள் ஸ்கிப்பிங் கயிற்றில் எத்தனை குதித்தோம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி 63, இன்னொருத்தி 38. எத்தனை ஜாஸ்தி என்று நான் கேட்டதும் இவள் நின்ற இடத்திலேயே, "இருபத்தஞ்சு" என்றாள். கையில் காகிதம் இல்லை, விரலும் மடக்கவில்லை.

"எப்டி போட்ட? பத்தப் பிரிச்சா, அப்பா முறையா?" என்றேன்.

"ரெண்டும் இல்ல டீச்சர். முப்பத்தெட்டுல இருந்து நாப்பதுக்கு ரெண்டு. நாப்பதுல இருந்து அறுபத்தி மூணுக்கு இருபத்தி மூணு. மொத்தம் இருபத்தஞ்சு."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. அதுக்குப் போய் எல்லாத்தையும் எதுக்கு ஒடைக்கணும்?" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை வாங்கப் போய்விட்டாள்.